வக்கீல் ஐயாக்களுக்கு: என் செய்தியின் இரண்டாம் பாகம் இன்னும் அச்சேறவில்லை

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர் பெருமக்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என்னை முகம் தெரியும். கோர்ட் ஹாலில் கடைசி பெஞ்சில், ஜன்னலோரம், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். எட்டுப் பக்கத்தில் மாதம் இருமுறை வரும் ஓர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு நான்தான் ஆசிரியர், நிருபர், சில நாள் கட்டுக் கட்டிக் கடைகளில் போட்டு வருபவனும். உங்களோடு டீக்கடையில் நின்று பேசியிருக்கிறேன். இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் டீ குடிக்கும்போது சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

2024 ஆடியில் நடந்தது இது. சார்பு நீதிமன்றத்தில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. பெரிய வீடு ஒன்று, பங்காளிகள் பலர். வெளிநாட்டில் இருந்து வந்த பங்காளி ஒருவர், வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு பங்காளி மீது வழக்குப் போட்டிருந்தார். முகப்பில் இருந்த பர்மா தேக்குத் தூண்கள் எட்டும் உள்வாசல் நிலைக்கதவும் பொதுச் சொத்து, அவற்றைக் கழற்றி விற்றுவிட்டார் என்பது பிராதின் சாரம். அன்றைக்கு இடைக்கால மனு மீது இரண்டு தரப்பும் வாதாடின. நான் உட்கார்ந்து கேட்டேன், எழுதினேன், அடுத்த இதழில் ஆறு பத்தியில் போட்டேன். அடியில் 'அடுத்த இதழில்: பிரதிவாதி தரப்பு என்ன சொல்கிறது' என்றும் போட்டேன். செட்டிநாட்டில் இந்தக் கதை எந்த ஊருக்குப் பொருந்தாது? அதனால்தான் எழுதினேன்.

இங்கே என் தவறையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் 'தூண்களை விற்ற பங்காளி' என்று வைத்துவிட்டேன். செய்திக்குள் 'விற்றதாக வாதி தரப்பு கூறியது' என்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் தலைப்பைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறவர்களுக்கு 'விற்றதாக' என்கிற அந்த 'ஆக' போய்ச் சேரவே சேராது. தப்பு என்னுடையது. திங்கட்கிழமை அந்தப் பங்காளியின் வக்கீல் நோட்டீஸ் வந்ததும் அடுத்த இதழில் திருத்தம் போடத் தயாராகத்தான் இருந்தேன்.

வியாழக்கிழமை மாலை வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. என் மீது முன்சீப் கோர்ட்டில் அவர் போட்ட தனி வழக்கு, அதில் இடைக்கால உறுத்துக்கட்டளை, என்னைக் கேட்காமலே எக்ஸ்பார்ட்டியாக. உத்தரவு ஒன்றரைப் பக்கம். ஒரு பக்கம் மனுவின் சுருக்கம். மிச்ச அரைப் பக்கத்தில் மூன்று வரி: முகாந்திரம் உள்ளது, வசதிச் சமநிலை மனுதாரர் பக்கம், ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்படும். அதனால் மனுதாரரைப் பற்றியோ அவர் குடும்பத்தைப் பற்றியோ மேற்படி பாக வழக்கைப் பற்றியோ எதுவும் வெளியிடக் கூடாது. எதுவும்!

திருத்தம்கூடப் போட முடியாமல் போனது அப்படித்தான். இரண்டாம் பாகத்தில் அவருடைய தரப்பைத்தான் எழுதியிருந்தேன். 'தூண்கள் கரையான் அரித்துச் சரிந்தன, பெயர்த்து உள்ளே அடுக்கி வைத்திருக்கிறேன், கமிஷனர் வந்து பார்க்கட்டும்' என்பதுதான் அவர் வக்கீல் வாதாடியது. அந்தப் பெரியவருக்குச் சாதகமான செய்தியை அவரே தடை வாங்கி நிறுத்திவிட்டார். உங்களில் ஒருவர்தான் வாங்கிக் கொடுத்தீர்கள். யாரென்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒருவர் மேல் உள்ள கோபத்தில் எழுதும் மடல் அல்ல இது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கே நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் அந்தத் தடை நீடித்த ஏழு மாதத்தில் நான் படித்ததைச் சொல்கிறேன்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 39 ரூல் 3 உங்களுக்கு மனப்பாடம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் உறுத்துக்கட்டளை என்பது விதி. நோட்டீஸ் கொடுத்தால் தாமதத்தால் நோக்கமே கெட்டுவிடும் என்று நீதிமன்றம் கருதினால் மட்டும் அதைத் தவிர்க்கலாம், ஏன் கருதுகிறது என்று காரணத்தை எழுத வேண்டும். அந்தக் காரணம் எழுதுவது வெறும் சம்பிரதாயம் இல்லை, கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் சிவ்குமார் சட்டா வழக்கில் சொல்லிவிட்டது. என் உத்தரவில் அப்படியொரு வரி இல்லை. இருக்கவும் வழியில்லை. என் அடுத்த இதழுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நான் இருப்பது கோர்ட்டிலிருந்து நடக்கிற தூரம். நோட்டீஸ் கொடுத்து மறுநாளே என்னைக் கூப்பிட்டிருந்தால் கைகட்டி வந்து நின்றிருப்பேன்.

எக்ஸ்பார்ட்டி கிடைத்த பிறகும் வாதிக்கு ஒரு வேலை இருக்கிறது. மனு, அபிடவிட், பிராது, அதில் நம்பியிருக்கும் ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் உடனே பிரதிவாதிக்குக் கொடுக்க வேண்டும் அல்லது பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டேன் என்று உத்தரவு கிடைத்த அன்றோ மறுநாளோ அபிடவிட் தாக்கல் செய்ய வேண்டும். எனக்கு வந்த கவரின் முத்திரையைப் பார்த்தேன். வியாழக்கிழமை உத்தரவுக்கு அடுத்த புதன்கிழமை முத்திரை, ஆறு நாள். கவருக்குள் பிராது இருந்தது, ஆவணங்கள் இல்லை. என் வக்கீல் வழக்குக் கட்டை வாங்கிப் பார்த்தபோது அந்த அபிடவிட்டும் இல்லை. இனிமேல் என்னைப் போல் மாட்டுகிற நிருபர்கள் முதலில் பார்க்க வேண்டியது உத்தரவை அல்ல, கவரின் முத்திரையைத்தான். அதைக் கிழித்து எறியாதீர்கள் என்று எங்கள் ஆட்களிடம் சொல்லி வருகிறேன்.

அப்புறம் ரூல் 3ஏ. எக்ஸ்பார்ட்டியாக உறுத்துக்கட்டளை கொடுத்தால் முப்பது நாளுக்குள் அந்த மனுவை விசாரித்து முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும், முடியாவிட்டால் காரணம் எழுத வேண்டும். முப்பது நாள் தாண்டினால் பாதிக்கப்பட்டவர் நேரே மேல்முறையீடு போகலாம் என்று 2000-இல் வெங்கடசுப்பையா நாயுடு வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். இது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதற்குள் முதல் வாய்தாவில் நீதிபதி விடுப்பு. இரண்டாவதில் உங்கள் சங்கத்தின் நீதிமன்றப் புறக்கணிப்பு. மூன்றாவதில் மனுதாரர் தரப்பு 'டைம்' கேட்டது. நான்காவதில் நீதிபதிக்கு மாறுதல். இப்படியே மார்ச் வந்தது. பாக வழக்கில் பங்காளிகள் ராஜியாகிவிட்டார்கள். என் மேல் போட்ட வழக்கை 'வலியுறுத்தவில்லை' என்று ஒரு மெமோ போட்டு வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

இதில் நான் தோற்றேனா ஜெயித்தேனா? நான் எழுதியது பொய்யா நிஜமா என்று எந்த நீதிபதியும் கடைசி வரை பார்க்கவில்லை. பார்க்காமலே ஏழு மாதம் வாயைக் கட்டியாயிற்று. வயல் தகராறில் இடைக்கால உத்தரவு என்றால் வயல் அங்கேயே கிடக்கும், தீர்ப்பு வந்ததும் உழலாம். செய்தி அப்படி இல்லை. நீதிமன்றச் செய்திக்கு ஆயுள் அடுத்த வாய்தா வரைதான். இடைக்காலத் தடையிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது. தடை கேட்கிறவருக்கும் அது தெரியும்.

இதைத்தான் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 22 அன்று புளூம்பெர்க் - ஜீ வழக்கில் எடுத்துச் சொன்னது. ஒரு கட்டுரையை நீக்கச் சொல்லி டெல்லி கீழ் நீதிமன்றம் கட்டுரை வந்த சில நாளிலேயே எக்ஸ்பார்ட்டி உத்தரவு போட்டது. உயர் நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முகாந்திரம், வசதிச் சமநிலை, ஈடுசெய்ய முடியாத இழப்பு என்கிற மூன்று சோதனையையும் இயந்திரம் போல ஒப்பிக்கக் கூடாது, பேச்சுரிமை சம்பந்தப்பட்டிருந்தால் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றது. விசாரணைக்கு முன்பே தடை போடுவது அந்தச் செய்திக்கு மரண தண்டனை கொடுப்பது போல ஆகிவிடும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. எழுதியது வெளிப்படையான பொய், வன்மத்தோடு எழுதியது என்று தெரிந்தால்தான் இடைக்காலத் தடை. மற்றபடி, நிரூபிக்கிறேன் என்று சொல்லும் எழுத்தாளரை நிரூபிக்க விட வேண்டும். அவமானம் நேர்ந்திருந்தால் பிறகு நஷ்டஈடு வாங்கிக்கொள்ளலாம். இது 1891-இல் இங்கிலாந்தில் பொன்னார்ட் - பெரிமேன் வழக்கில் பிறந்த கொள்கை. என் உத்தரவு வந்தபோது புளூம்பெர்க் தீர்ப்புக்கு நாலு மாதம் வயது. மனுதாரர் தரப்பு அதை நீதிபதியிடம் காட்டவில்லை. எதிரில் ஆள் இல்லாத நேரத்தில் தனக்கு எதிரான தீர்ப்பையும் எடுத்து வைப்பது வக்கீலின் கடமை என்று நீங்களே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

'அப்படியென்றால் ஏன் நஷ்டஈடு வழக்கு போடாமல் தடை வழக்கு போடுகிறார்கள்' என்று ஒரு ஜூனியரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கணக்குச் சொன்னார். பத்து லட்சம் நஷ்டஈடு கேட்டால் நம் மாநிலத்தில் நூற்றுக்கு மூன்று வீதம் முப்பதாயிரம் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும், கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணையில் நிற்க வேண்டும். வெறும் உறுத்துக்கட்டளை கேட்டால் வாதி தானே ஒரு சிறிய மதிப்பைப் போட்டு அதற்கு ஃபீஸ் கட்டினால் போதும். கையில் உத்தரவு வந்தால் வழக்கை நடத்தவும் வேண்டாம். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஜூனியர் நல்ல பிள்ளை, பெயர் வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நீங்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது, 'கேஸ் நிலுவையில் இருக்கு, சப்-ஜூடிஸ், எழுதக் கூடாது'. இது எங்கிருந்து வந்ததோ, ஊர் முழுக்க இதுதான் சட்டம் என்று நம்புகிறார்கள். நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971-இன் நான்காம் பிரிவைப் பாருங்கள். நீதிமன்ற நடவடிக்கையை நேர்மையாகவும் சரியாகவும் எழுதுவது அவமதிப்பு ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறைச் சொல்லும் 356-ஆம் பிரிவிலும் அதற்கு விதிவிலக்கு இருக்கிறது, பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153பி பிரிவு, விசாரணை நடக்கும் இடம் திறந்த நீதிமன்றம் என்று சொல்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றால், வர முடியாதவருக்கு வந்தவன் சொல்லக் கூடாதா? நீதிபதி வாய்மொழியாகச் சொல்வதைக்கூட எழுதலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கரூர் தொகுதி வாக்கு எண்ணிக்கை பற்றிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தைக் கடிந்து பேசியதைப் பத்திரிகைகள் எழுதின. வாய்மொழிக் கருத்துகளை எழுதத் தடை வேண்டும் என்று ஆணையம் கேட்டதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனால் திறந்த கதவு எதற்கும் மூடாது என்று நான் சொல்லவில்லை. 1966-இல் மிராஜ்கர் வழக்கு இருக்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஓர் அவதூறு வழக்கில் சாட்சி ஒருவர், 'முன்பு நான் சொன்ன சாட்சியம் பேப்பரில் வந்ததால் வியாபாரம் கெட்டது, இனி வர வேண்டாம்' என்று கேட்டார். நீதிபதி ஒப்புக்கொண்டார். நிருபர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அந்தத் தடை சரிதான் என்றார்கள். ஹிதயத்துல்லா ஒருவர் மட்டும் மாறுபட்டார். எனக்கு அந்த ஒருவர் சொன்னதுதான் பிடிக்கிறது, ஆனால் சட்டம் எட்டுப் பேர் சொன்னது. அதை மறைக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு 2012-இல் சஹாரா வழக்கில் ஐந்து நீதிபதிகள் எல்லை கட்டினார்கள். விசாரணையின் நேர்மைக்கு உண்மையான, கணிசமான ஆபத்து இருக்க வேண்டும். விசாரணையைத் தள்ளிவைப்பது, வேறு ஊருக்கு மாற்றுவது மாதிரி வேறு வழி பலிக்காது என்றிருக்க வேண்டும். அப்படியிருந்தால் செய்தியைத் தள்ளி வைக்கலாம், அதுவும் குறுகிய காலத்துக்கு. அந்த உத்தரவை உரிய ரிட் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். நமக்கு அது மதுரைக் கிளை. தூண் வழக்கில் ஜூரி இல்லை, சாட்சி இன்னும் ஏறவில்லை. தீர்ப்பு எழுதப் போகிறவர் என் பத்திரிகையைப் படித்துவிட்டு எட்டுத் தூணுக்காக மனம் மாறுவார் என்று நினைத்தால், நீங்கள் நீதிபதியைத்தான் குறைவாக மதிப்பிடுகிறீர்கள், என்னை அல்ல.

நம் ஊர்ப்பக்கத்தில் 'குடும்ப மானம்' என்கிற வார்த்தைக்கு எடை அதிகம். எனக்கும் தெரியும். ராஜகோபால் வழக்கில், அதாவது 1994-இல் நக்கீரன் - ஆட்டோ சங்கர் விவகாரத்தில், உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே பேசியது. தனி மனிதருக்கு அந்தரங்கம் உண்டு. ஆனால் நீதிமன்றப் பதிவுகள் உள்ளிட்ட பொது ஆவணத்தில் ஏறிவிட்ட விஷயத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவதூறாக வரும் என்று பயந்து அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடுக்கவும் முடியாது. பாலியல் குற்றம், கடத்தல் போன்றவற்றால் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்துக்குத் தீர்ப்பே விலக்குக் கொடுத்தது. நானும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. போக்சோ வழக்கென்றால் பிள்ளையின் பெயர், பள்ளி, தெரு எதுவும் போடமாட்டேன். இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இருப்பதால் விவாகரத்து வழக்குகளையும் தொடுவதில்லை, எத்தனை பேர் 'சுவாரசியமா இருக்கே' என்று சொன்னாலும். பங்கு வழக்கு அந்த வகை இல்லை. நீங்களே கோர்ட்டில் சத்தமாகப் படித்ததுதான்.

தேவகோட்டை கோர்ட்டை 1942 ஆகஸ்டில் கொளுத்திய வட்டாரம் இது. வெள்ளைக்காரன் கோர்ட் நமக்கு அந்நியம் என்று நினைத்த காலம். இன்றைக்கு அது நம் கோர்ட். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

என்னிடம் தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் நோட்டீஸில் எந்த வரி பொய் என்று குறியுங்கள், மொத்தமாக 'அவதூறான செய்தி' என்று போடாதீர்கள். வரி தெரிந்தால் நான் அடுத்த இதழிலேயே திருத்துவேன், தலைப்பு இருந்த அதே இடத்தில், அதே அளவில். தடைதான் வேண்டும் என்றால் மனுவின் நகலைக் கையில் கொடுத்து ஒரு நாள் அவகாசம் தாருங்கள். கேட்கும் தடையும் அந்த வரிக்கு மட்டும் இருக்கட்டும், வழக்குக்கே வேண்டாம். எக்ஸ்பார்ட்டி கிடைத்துவிட்டால் அன்றைக்கே தபால் போடுங்கள். முப்பதாம் நாள் 'டைம்' கேட்காதீர்கள். இதில் ஒன்றுகூட நான் புதிதாகக் கேட்கவில்லை, எல்லாம் உங்கள் அலமாரியில் உள்ள புத்தகத்தில் இருக்கிறது.

எனக்கும் ஒரு பாடம். வக்கீல் நோட்டீஸ் வந்த திங்கட்கிழமையே கேவியட் போட்டிருக்க வேண்டும். 148ஏ. எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் நகல் அனுப்பி கோர்ட்டில் தாக்கல் செய்தால் தொண்ணூறு நாள் செல்லும், என்னைக் கேட்காமல் உத்தரவு போட முடியாது. செலவு என் ஓர் இதழின் காகிதச் செலவுக்கு வராது. இப்போது மேஜை இழுப்பறையில் ஒரு மாதிரிப் படிவம் வைத்திருக்கிறேன். நோட்டீஸ் அனுப்புங்கள், படிவம் தயார்.

அந்த இரண்டாம் பாகம் அப்படியே இருக்கிறது. தடை போய்விட்டதால் சட்டப்படி இப்போது போடலாம். வழக்கே ராஜியான பிறகு யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெரியவர் போன வாரம் கடைத்தெருவில் பார்த்து, 'என் தரப்பைப் போடவே இல்லையே தம்பி' என்றார். அவர் வக்கீலிடம் கேளுங்கள் ஐயா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை கடைசி பெஞ்சில் இருப்பேன்.

இப்படிக்கு,
உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் ஒருவன்
காரைக்குடி